ஒரே கையெழுத்து கேட்டு எழுதிய கடிதம்

நான் எழுதிய கடிதங்களில் அதுதான் மிகவும் ஒழுங்கானது. எண் போட்ட பத்திகள், இடப்பக்கம் அளந்து விட்ட ஓரம், கீழே இணைப்புகளின் பட்டியல். ஒரு பிழை கிடையாது. அதை எழுதாமல் இருந்திருக்கலாம்.

அறுபதுகளின் தொடக்கம். எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு சந்தில் இருந்த அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். அச்சு வேலை கொண்டுவருபவர்களிடம் விவரம் எழுதிக்கொள்வது, புரூஃப் பார்ப்பது, அதை வாடிக்கையாளரிடம் கொண்டுபோய்க் காட்டித் திருத்தம் வாங்கி வருவது என் பொறுப்பு. அப்பா ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக் கரைப் பக்கம் ஒரு பூந்தோட்டத்தில் கூலி வேலை பார்த்தார். எங்கள் வீட்டில் பேனா பிடித்த முதல் ஆள் நான்தான். வீட்டுக்கு எந்தக் காகிதம் வந்தாலும் நான் திரும்பி வரும்வரை அதை யாரும் தொட மாட்டார்கள். எழுதிய ஒன்று, பேசிய பத்தைவிடப் பெரியது என்று நான் நம்பியதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அந்த நம்பிக்கையில்தான் அச்சகத்தில் ஒரு விதியைக் கொண்டுவந்தேன். வாய்வழியாக வரும் திருத்தத்தை ஏற்க மாட்டோம். சீட்டில் எழுதி, கீழே கையெழுத்திட்டுத் தர வேண்டும். உரிமையாளர் சரி என்றார். ஈய எழுத்துகளை அடுக்கும் கம்பாசிட்டர் மட்டும் சிரித்தார். அவருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், எழுத்துப் பெட்டியைப் பார்க்காமலே கை போய் எழுத்தை எடுத்து வரும். என்னைப் 'படிச்சவரே' என்றுதான் கூப்பிடுவார்.

மார்கழியில் ஒரு தனியார் பஸ் கம்பெனியின் கால அட்டவணை எங்களிடம் வந்தது. தை முதல் தேதியிலிருந்து புதிய நேரம். அதற்கு முன்பே எல்லா நிறுத்தங்களிலும் அட்டவணையை ஒட்டியாக வேண்டும். கம்பெனி ஆபீஸில் நேரக் கணக்கைப் பார்த்துக்கொள்ளும் குமாஸ்தா ஒருவர் இருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும், கிறிஸ்தவர், மனைவி இல்லை, ஒரே மகள். அவர்தான் அதிகாரிகள் அனுமதித்த நேரப் பட்டியலைத் தட்டச்சு செய்து கொடுத்தார். அவ்வளவு சுத்தமான கைப்பிரதியை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. முசிறிக்கு முதல் வண்டி ஐந்து நாற்பது என்று அதில் இருந்தது.

முதல் புரூஃபைக் கொண்டுபோனேன். இரண்டு நாளில் குமாஸ்தா சீட்டு எழுதித் தந்தார்: முசிறி வண்டி ஐந்து இருபத்தைந்து. போட்டிக் கம்பெனி வண்டி ஐந்தரைக்குக் கிளம்புவதால் அதற்கு முன்னால் எடுக்க வேண்டும் என்று கம்பெனியின் செக்கிங் இன்ஸ்பெக்டர் சொல்கிறாராம். மாற்றினோம். மறுநாள் இன்னொரு சீட்டு: ஐந்து நாற்பதே இருக்கட்டும், ஸ்ரீரங்கம் டவுன் வண்டிகள் முதல் பத்தியில் வர வேண்டும். இது மேனேஜர். அடுத்த சீட்டு: குணசீலத்தில் நிற்கும் என்று சேர்க்கவும். இது மறுபடி இன்ஸ்பெக்டர். அதற்கு அடுத்தது: குணசீலத்தை எடுத்துவிடவும்.

அட்டவணையில் ஒரு நிறுத்தத்தைச் சேர்ப்பது என்றால் ஒரு வரியைச் செருகுவது மட்டுமல்ல. கட்டிய பக்கத்தை அவிழ்த்து, கோடு விழுவதற்காகக் குறுக்கும் நெடுக்கும் போட்ட பித்தளை ரூல்களைப் பிரித்து, கீழே உள்ளதையெல்லாம் தள்ளி மறுபடி கட்ட வேண்டும். எங்களிடம் இருந்த சின்ன எண் எழுத்துகள் அத்தனையும் அந்தப் பக்கங்களுக்குள் மாட்டிக்கொண்டிருந்தன. அதனால் ஒரு பள்ளிக்கூடத்தின் மதிப்பெண் பட்டியல் வேலை நின்றுபோனது.

"பஸ்ஸு எத்தனை மணிக்குன்னு அவங்களுக்கே தெரியலை, படிச்சவரே. ஸ்டாண்டுல போய் நின்னு பாத்துட்டு வந்துருவமா?" என்றார் கம்பாசிட்டர்.

ஏழு சீட்டுகள் சேர்ந்தன. ஏழும் குமாஸ்தாவின் கையெழுத்தில். மேனேஜர் வாயால் சொல்வார். இன்ஸ்பெக்டர் கண்டக்டர் மூலம் சொல்லி அனுப்புவார். இருவரும் எதிலும் கையெழுத்திட மாட்டார்கள். எழுத்தில் இல்லாவிட்டால் எடுத்துக்கொள்ள மாட்டேன் என்று நான் நின்றதால் குமாஸ்தாதான் ஒவ்வொன்றையும் எழுதிக் கீழே தன் கையெழுத்தைப் போட்டார். யார் சொன்னது என்பதை எனக்கு வாயால் மட்டும் சொல்வார். சீட்டில் ஏன் எழுதக்கூடாது என்று ஒருமுறை கேட்டேன். அனுமதிக்கு மாறான நேரத்தை இன்ஸ்பெக்டர் சொன்னார் என்று காகிதத்தில் ஏற்றினால் அவர் சும்மா விட மாட்டார் என்றார். ஏதாவது குற்றம் கண்டுபிடித்து வெளியூர் ஸ்டாண்டுக்குத் தள்ளிவிடுவார்கள். மகள் கான்வென்டில் கடைசி வகுப்பு. அவளுக்குச் சமைத்துப் போட வேறு ஆள் இல்லை. "பொண்ணு பரீட்சை எழுதற வரைக்கும் இந்த நாற்காலி இருந்தா போதும் தம்பி" என்றார். நான் தலையாட்டினேன். அதைக் கேட்டேன் என்பதை இங்கே எழுதியே ஆக வேண்டும்.

எங்கள் உரிமையாளர் என்னைக் கூப்பிட்டார். கம்பெனியில் யாராவது ஒருவரைக் காட்டச் சொல்ல வேண்டும், அவர் கையெழுத்துப் போட்டு வரும் திருத்தத்தை மட்டும்தான் செய்வோம் என்று மேனேஜரிடம் நேரில் போய்ப் பதமாகச் சொல்லிவிட்டு வா என்றார். நேரில் என்பதை இரண்டு தடவை சொன்னார்.

போனேன். வைகுண்ட ஏகாதசி சமயம். மேனேஜர் ஸ்ரீரங்கத்துக்காரர், கோயில் கைங்கரியம் உள்ள குடும்பம். பகல் பத்து, இராப் பத்து முடியும்வரை ஆபீஸுக்கு எப்போது வருவார் என்று யாருக்கும் தெரியவில்லை. இரண்டு நாள் காத்திருந்தேன். அவருடைய வீடு எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான். அந்தத் தெருவுக்குப் போய் வாசலில் நிற்க எனக்குக் கூச்சம். பூக்கூடையோடு அப்பா போய் நிற்கிற வாசல்கள் அவை.

அதனால் கடிதம் எழுதினேன். யாருக்கு எழுதுவது என்று யோசித்து, எழுதுவதானால் மேலிடத்துக்கே எழுதுவதுதான் முறை என்று முடிவு செய்து, கம்பெனி முதலாளிக்கே எழுதினேன். தங்கள் அலுவலகத்திலிருந்து ஒன்றுக்கொன்று முரணான திருத்தங்கள் வருகின்றன. தாங்கள் ஒருவரை நியமித்து, அவர் கையெழுத்தில் மட்டும் உத்தரவு வரும்படி செய்தருள வேண்டும். ஆதாரமாக ஏழு சீட்டுகளையும் தேதி வரிசையில் ஒரு தாளில் ஒட்டி இணைத்தேன். வாயால் கேட்டதைக் கடிதத்தில் ஏற்றுவது முறையல்ல என்று தோன்றியதால், சொன்னது யார் என்று எதிலும் குறிப்பிடவில்லை. உரிமையாளர் ஊரில் இல்லை. அவர் இடத்தில் நானே கையெழுத்திட்டு அனுப்பினேன்.

நான்காம் நாள் பதில் வந்தது. இரண்டே வரி. இனி மேனேஜர் கையெழுத்தில் வரும் திருத்தங்களை மட்டும் ஏற்கவும். அதைக் கம்பாசிட்டருக்கு உரக்க வாசித்துக் காட்டினேன். அவர்கூட, பரவாயில்லையே என்றார். மறுநாளே புரூஃப் திரும்பியது. முசிறி வண்டி ஐந்து நாற்பது, குணசீலம் இல்லை, ஸ்ரீரங்கம் முதல் பத்தி. கீழே 'அச்சிடலாம்' என்று எழுதி மேனேஜர் கையெழுத்து. பக்கம் மெஷினில் ஏறியது. எண் எழுத்துகள் விடுபட்டுப் பெட்டிக்குத் திரும்பின. பள்ளிக்கூட வேலையும் நடந்தது. கேட்டது அப்படியே கிடைத்தது.

அச்சான கட்டுகளை எடுத்துக்கொண்டு கம்பெனி ஆபீஸுக்குப் போனேன். குமாஸ்தாவின் நாற்காலியில் வேறு ஒருவர் உட்கார்ந்திருந்தார். முசிறி ஸ்டாண்டுக்கு மாற்றிவிட்டார்கள் என்றார் அவர். நான் நேரே மேனேஜரிடம் போனேன். அவர் உட்காரச் சொன்னார், நான் உட்காரவில்லை. நடந்ததை அவரே சொன்னார். முதலாளி குமாஸ்தாவைக் கூப்பிட்டு, என் தாளை முன்னால் வைத்து, இது உன் கையெழுத்துதானே என்று கேட்டிருக்கிறார். ஆமாம் என்றாராம். ஒரு நாள் இருபத்தைந்து, மறுநாள் நாற்பதா, தூங்கிக்கொண்டா எழுதினாய் என்று கேட்டதற்கு அவர் வாயைத் திறக்கவில்லை. இன்ஸ்பெக்டர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

அதில் பாதி நீங்கள் சொன்னதுதானே சார் என்றேன்.

அவர் கோபப்படவில்லை. "நான் சொன்னேன்னு உன் லெட்டர்ல எங்கேயாவது இருக்கோ? இல்லை. நீ எழுதினதுல ஒரு தப்பும் இல்லை. காகிதத்துல இருக்கிறதை வச்சுண்டுதானே அவர் பார்ப்பார்" என்றார். பிறகு கட்டுகளைப் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துப் போட்டுத் தந்தார்.

அன்றே முதலாளிக்கு இரண்டாவது கடிதம் எழுதினேன். சீட்டுகள் எழுதப்பட்ட விதம், எழுதச் சொன்னவர்கள் யார், எழுதித்தான் தர வேண்டும் என்று வற்புறுத்தியவன் நான் என்பது எல்லாம் அதில் இருந்தது. உரிமையாளர் வாங்கிப் படித்தார். முதல் கடிதத்தை அனுப்பியதற்கே அவருக்கு என்மேல் வருத்தம். இதை அனுப்பினால் மேனேஜரையும் இன்ஸ்பெக்டரையும் நாம் காட்டிக்கொடுத்தது ஆகும், அதற்குப் பிறகு அந்தக் கம்பெனி வேலை நம் சந்துக்குள்ளேயே வராது என்றார். "ஒரு ஆளைக் கேட்டோம், கொடுத்துட்டாங்க. இனிமே அவங்க வீட்டு விவகாரம்பா அது." கடிதத்தை என்னிடமே திருப்பித் தந்தார். தபாலில் போடாதே என்று அவர் சொல்லவில்லை. போடாதது நான்தான். வேலை போய்விடுமோ என்ற பயம்.

மாசி கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முசிறிக்குப் போனேன். டிக்கெட் கொடுக்கும் தகரக் கொட்டகையில் அவர் நின்றுகொண்டிருந்தார். வாழைத்தார் ஏற்றுகிறவர்களோடு கண்டக்டர் போட்ட சண்டையைத் தீர்த்துவைத்துவிட்டு என்னிடம் வந்தார். டீ வாங்கிக் கொடுத்தார். மகளைத் திருச்சியில் தங்கை வீட்டில் விட்டிருப்பதாகவும், பதினைந்து நாளைக்கு ஒருமுறை போய்ப் பார்ப்பதாகவும் சொன்னார். கணக்குப் பாடத்தில் கொஞ்சம் பின்தங்கிவிட்டாளாம். வழக்கமாக ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு இவர்தான் சொல்லிக்கொடுப்பாராம்.

என் தப்புதான் சார் என்று ஆரம்பித்தேன். அனுப்பாத கடிதத்தைப் பற்றியும் சொன்னேன். அவர் டீயைக் குடித்து முடித்து கிளாஸைக் கீழே வைத்தார்.

"ஒரு ஆள் போதும்னு கேட்டது சரிதான் தம்பி. நானே உங்ககிட்ட சொல்லணும்னு இருந்தேன். ஆனா யாராவது ஒருத்தரைச் சொல்லுங்கன்னு எழுதினீங்களே, இன்னாரைப் போடுங்கன்னு என் பேரை எழுதியிருக்கலாமில்ல? அந்த வேலையை நான்தானே பாத்துக்கிட்டு இருந்தேன்."

அவர் குரலில் குற்றச்சாட்டு இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். முதலாளியிடம் ஒரு குமாஸ்தாவின் பெயரை நான் சொல்வதா என்று தயங்கினேனா என்றால், அப்படித் தயங்கக்கூட இல்லை. அந்தப் பெயர் எனக்குத் தோன்றவே இல்லை. ஏழு சீட்டிலும் அவர் கையெழுத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திருச்சி வண்டி வந்து நின்றது. அவர் எனக்கு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, காசு வாங்கிக்கொண்டு, அடுத்து நின்றவரைப் பார்த்து எங்கே போகணும் என்று கேட்டார்.