கட்டிலுக்கடியில் செங்காய்

தள்ளுவண்டி மாரீஸ்வரிக்கு ஒரு கெட்ட பழக்கம். எதையும் ஏன் என்று கேட்காமல் விடமாட்டாள். தேனியில் ஒரே தெருவில் ஒன்பது வருடமாகக் காய் விற்கிறாள். அந்தப் பழக்கத்தால் ஐந்து பைசா லாபமில்லை என்று புருஷன் பால்பாண்டி அலுத்துக்கொள்வான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை கேள்வி தானாகவே வந்து நின்றது. மறுநாள் முகூர்த்தம். சரக்கு ஏற்றிப்போகக் கேரள லாரிகளும் வரிசைகட்டியதால் மண்டியில் தக்காளி கிலோ முப்பதுக்கு ஏறிவிட்டது. ஆட்டோ வாடகை, சுமைக்கூலி, பெட்டியின் அடியில் நசுங்கியது எல்லாவற்றையும் சேர்த்து அவள் நாற்பது சொன்னாள். முனைக்கடை சுந்தர்ராஜோ முப்பத்திரண்டுக்கே கொடுத்தார்.

"பகல் கொள்ளை அடிக்கிற, மாரி!" என்று சொல்லிவிட்டு ஜெபஷீலா டீச்சர் கடைக்கு நடந்தார். பின்னாலேயே ஆறு வீடு போயிற்று. மாரீஸ்வரிக்கு எரிச்சலாக வந்தது. இந்தத் தெரு கைவிட்டால் வேறு தெரு இல்லை. எல்லாத் தெருவிலும் ஏற்கெனவே ஒரு வண்டி இருக்கிறது. ஆனாலும் எரிச்சலைவிட ஆச்சரியம் பெரிதாக இருந்தது. நேரே போய்க் கேட்டாள்.

"அண்ணே, முப்பதுக்கு எடுத்து முப்பத்திரண்டுக்கு வித்தா கரண்டு பில்லு யாரு கட்டுவாக?"

சுந்தர்ராஜ் சிரித்தார். "இன்னிக்கு எங்க எடுத்தேன்? இது சனிக்கிழமைச் சரக்கு. அன்னிக்கு லாரி கொறச்சல், கிலோ பதினஞ்சுதான். செங்காயா எடுத்து நெழல்ல பரப்பிட்டேன். மலிவான நாள்லயும் நான் இதே வெலைதான். அப்ப மட்டும் எல்லாரும் ஒன் வண்டிக்கு ஓடுறாக!"

மாரீஸ்வரி நினைத்துப் பார்த்தாள். அன்றன்றைக்கு விற்றுத் தீர்க்க வேண்டியவள் என்பதால் இத்தனை வருடமும் கனிந்த பழமாகவே எடுத்திருக்கிறாள். பாதி பழுத்த செங்காயைத் தொட்டதே இல்லை.

அடுத்த சனிக்கிழமை இரண்டு பெட்டி செங்காயை மலிவாக வாங்கிக் கட்டிலுக்கடியில் சாக்கு விரித்துப் பரப்பினாள். வேளைக்கொரு தடவை குனிந்து பார்த்தாள், அழுகியதைப் பொறுக்கி எறிந்தாள். பால்பாண்டி கட்டிலில் புரளவே பயந்தான். செவ்வாய்க்கிழமை மண்டியில் மறுபடி விலை ஏறியது. அவள் இருபத்தெட்டு என்று கூவினாள். தெருவே திரண்டு வந்தது.

டீச்சரும் வந்தார். ஒவ்வொரு பழமாக அமுக்கிப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "இருபத்தெட்டுக்குக் கட்டுபடியாகுதுன்னா, இத்தன நாளா எங்ககிட்ட அதிகமாத்தான வாங்கியிருக்க?"

சுற்றி நின்றவர்களெல்லாம் மாரீஸ்வரியைப் பார்த்தார்கள்.

"இது சனிக்கிழமை வெல டீச்சர், அது அன்னன்னிக்கு வெல. அதுல இன்னொன்னும் இருக்கு. நீங்க அமுக்கிப் பாத்துட்டு வச்சிட்டுப் போறீகளே, அந்தப் பழமெல்லாம் சாயங்காலம் என்ன ஆகுதுன்னு யாராச்சும் கேட்டீகளா? அதோட காசையும் நல்ல பழத்து மேலதான ஏத்தணும்?"

டீச்சரின் கட்டைவிரல் பழத்தின் மேல் அப்படியே நின்றது. பிறகு, அதுவரை அமுக்கி ஒதுக்கிய ஐந்து பழங்களையும் அவரே எடுத்துத் தராசுத் தட்டில் வைத்தார்.