டிகிரி அக்காவின் பின்னணிப் பகுதி

கடல் ஆய்வகத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அவளைவிடப் பதினைந்து வயது மூத்த பேராசிரியருக்கும் அவள் ‘டிகிரி அக்கா’தான். பதினான்கு வருடமாகப் பவளத்திட்டுகளில் வெப்பமானிகளை இறக்குவதும், எடுப்பதும், ஒட்டிக்கிடக்கும் சிப்பிகளைப் பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்து எடுப்பதும், கடல் எத்தனை டிகிரி என்று நோட்டில் ஏற்றுவதும் அவள் வேலை. அதற்குக் கிடைத்த மரியாதை, ஒன்பது ஆய்வுக் கட்டுரைகளின் வால் நுனியில் ஒரு நன்றி.

“படம் முடிஞ்சு லைட் போட்டப்புறம் ஓடுமே பேரு, அந்த மாதிரி அண்ணி உங்க பேரு. எல்லாரும் செருப்பைத் தேடிட்டு இருப்பாங்க” என்பாள் வீட்டோடு இருக்கும் நாத்தனார். அவள் தையல்காரி, நாக்கும் கத்தரி போலத்தான்.

இந்தத் தடவை பேராசிரியர் ஒரு மீளாய்வுக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தார். பவளம் வெளுப்பதைப் பற்றி இதுவரை வந்த இருபத்திரண்டு ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்க்கும் கட்டுரை. அதன் தொடக்கத்தில் வெளுப்பு என்றால் என்ன, வெப்பத்தை எப்படிச் சேர்த்துக் கணக்கிடுகிறார்கள் என்று சொல்லும் பின்னணிப் பகுதி வேண்டும். அவர் இரண்டு முறை எழுதினார். இரண்டு முறையும் அவருடைய மாணவர்களே தலையைச் சொறிந்தார்கள்.

“அக்கா, நீங்க எழுதுங்க. படிக்கிறவங்களுக்குப் புரிஞ்சுட்டா ஆசிரியர் வரிசையில உங்க பேரும் வரும். வெள்ளிக்கிழமை அனுப்பணும்” என்றார்.

அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

முதல் பக்கம் சுலபமாக வந்தது. பவளம் ஒரு சின்ன உயிர். அதன் உடம்புக்குள் நுண்பாசிகள் குடியிருந்து சோறும் போடுகின்றன, நிறமும் தருகின்றன. தண்ணீர் சூடானால் அந்தப் பாசிகளே நஞ்சைச் சுரக்கத் தொடங்கும். பவளம் அவற்றை வெளியே தள்ளிவிடும். பிறகு கண்ணாடி போன்ற சதை வழியாக வெள்ளை எலும்புக்கூடு தெரியும். வெளுத்த பவளம் செத்த பவளம் அல்ல. பட்டினி கிடக்கும் பவளம். சூடு சீக்கிரம் தணிந்தால் பாசி திரும்பி வரும்.

இரண்டாம் பக்கத்தில்தான் மாட்டிக்கொண்டாள். புதன்கிழமை மாலை தையல் மெஷின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

“கேளு. ஒரு இடத்துல வருஷத்துலயே சூடான மாசம் இருக்குல்ல? அதோட சராசரிதான் அடிக்கோடு. அதுக்கு மேல ஒரு டிகிரிக்குக் கம்மியா ஏறினா கணக்குல சேராது. ஒரு டிகிரியோ அதுக்கு மேலயோ ஏறின வாரத்தை மட்டும் சேர்க்கணும். கடைசிப் பன்னிரண்டு வாரத்தையும் கூட்டினா அதுதான் டிகிரி-வாரம். நாலு வந்தா வெளுக்கும். எட்டு வந்தா சாக ஆரம்பிக்கும்.”

நாத்தனார் ஊசியில் நூல் கோத்தபடியே கேட்டாள். “ஒண்ணரை டிகிரி ஏறுன வாரத்துக்கு எவ்வளவு சேர்ப்பீங்க? அரையா, ஒண்ணரையா?”

“முழுசா ஒண்ணரை.”

“ஏன்? ஒரு டிகிரி வரைக்கும்தான் கணக்கில்லைன்னீங்களே?”

அக்கா யோசித்தாள். பிறகு சிரித்தாள். “உங்க அண்ணன் மேல எனக்குக் கோபம் வர்ற மாதிரிதான். சின்னச் சின்னதா எரிச்சல் பண்ணினா விட்டுடுவேன். ஆனா அளவைத் தாண்டினாருன்னு வை, தாண்டின மிச்சத்துக்கு மட்டுமா திட்டுறேன்?”

“அடேங்கப்பா! அடியில இருந்துல்ல ஆரம்பிப்பீங்க!”

“அதேதான். ஒரு டிகிரிங்கிறது வாசப்படி. அளக்கிறது தரையில இருந்து.”

“ஆனா பன்னிரண்டு வாரத்துல எல்லாத்தையும் மறந்துடுவீங்கன்னு சொன்னா அண்ணனே நம்ப மாட்டாரு.” மெஷின் மறுபடி தடதடத்தது.

வாசப்படி, தரை. அந்த இரண்டு சொற்களும் அன்றைக்கே பக்கத்தில் ஏறிவிட்டன.

மறுநாள் காலை, எடுத்துக்காட்டுக்காக ஆய்வகத்தின் சொந்தக் கணக்கு ஒன்றையே போடலாம் என்று கட்டுரையின் அட்டவணையைத் திறந்தாள். பதினேழாவது வரி கிழக்குத் திட்டு. பேராசிரியரின் பழைய கட்டுரையிலிருந்து எடுத்தது. டிகிரி-வாரம் ஒன்று புள்ளி ஆறு. பத்துக்கு ஆறு பவளம் வெளுப்பு.

பக்கத்து மேசை ஆராய்ச்சியாளர், சுருட்டை என்று பெயர் வாங்கியவள், எட்டிப் பார்த்தாள். “அதுதான் அக்கா நம்ம கட்டுரைக்கே உயிர்! நாலு வந்தாதானே வெளுக்கணும்? இங்க ஒண்ணரைக்கே வெளுத்திருக்கு. உலகத்துலயே இவ்வளவு தொட்டாற்சிணுங்கிப் பவளம் கிடையாதுன்னு அரைப் பக்கம் எழுதியிருக்கேன்.”

அக்காவுக்கு என்னவோ உறுத்தியது. அலமாரியின் அடித்தட்டிலிருந்து அந்த வருடத்து நோட்டை எடுத்தாள். அடிக்கோடு இருபத்தொன்பது புள்ளி நாலு. ஐந்து வாரம் முப்பது புள்ளி இரண்டு. வாசப்படி தாண்டவில்லை, சேராது. மூன்று வாரம் முப்பது புள்ளி ஆறு. இரண்டு வாரம் முப்பது புள்ளி ஒன்பது. விரல் விட்டு எண்ணினாள். ஒன்று புள்ளி இரண்டு மூன்று முறை, ஒன்றரை இரண்டு முறை. மொத்தம் ஆறு புள்ளி ஆறு.

நோட்டிலோ ஒன்று புள்ளி ஆறு என்று அழுத்தி எழுதி வட்டமும் போட்டிருந்தது. யாரோ வாசப்படியிலிருந்து அளந்திருக்கிறார்கள். யாரோ என்ன யாரோ? அந்த வட்ட வட்டமான கையெழுத்து அவளுடையது. வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது மாதம் போட்ட கணக்கு.

நோட்டை மூடினாள். பதினான்கு வருடமாக யாரும் கண்டுபிடிக்காதது இனியும் தானாக வெளியே வராது. சொன்னால் சுருட்டையின் அரைப் பக்கம் போகும், பேராசிரியரின் பழைய கட்டுரைக்குக் கெட்ட பெயர். அடிப்படைக் கணக்கிலேயே கோட்டை விட்டவள் பெயரை ஆசிரியர் வரிசையில் யார் போடுவார்கள்? சொல்லாவிட்டால், தான் எழுதிய பின்னணிப் பகுதியே தன்னைப் பார்த்து முறைக்கும். அதைப் படித்துப் புரிந்துகொண்ட எவரும் பதினேழாவது வரியில் வந்து இடறுவார்கள். புரியாமல் எழுதியிருந்தால் தப்பித்திருக்கலாம்.

நோட்டை எடுத்துக்கொண்டு பேராசிரியர் அறைக்குப் போனாள். சுருட்டையையும் கூப்பிட்டாள், ஒரே தடவையாகத் திட்டு வாங்கிவிடலாமே.

சொல்லி முடித்ததும், தான் எழுதிய இரண்டு பக்கத்தையும் நோட்டோடு சேர்த்து நீட்டினாள். பேராசிரியர் படித்துவிட்டுக் கால்குலேட்டரை இரண்டு முறை தட்டினார். மூன்றாம் முறை தட்டவில்லை.

“ஆறு புள்ளி ஆறு” என்றார். “அப்ப அந்தப் பவளம் தொட்டாற்சிணுங்கி இல்ல.”

“இல்ல சார். எல்லாப் பவளத்தையும் போலத்தான் வெளுத்திருக்கு.”

சுருட்டை நாற்காலியில் சரிந்தாள். “என் அரைப் பக்கம்!” என்று கன்னத்தில் கை வைத்தவள், திடீரென்று நிமிர்ந்தாள். “அக்கா, இதை நாளைக்கு அனுப்பின அப்புறம் எவனாவது கண்டுபிடிச்சிருந்தா? உங்களுக்குக் கோயில் கட்டணும்!”

“கோயில் அப்புறம். என் பேரு…” என்று அக்கா இழுத்தாள்.

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அந்தக் கணக்கைச் சரிபார்க்காம கையெழுத்துப் போட்டது நான். இத்தனை வருஷம் அதையே வகுப்புல நடத்தினதும் நான்தான். உங்க ரெண்டு பக்கம் படிச்சப்புறம்தானே எனக்கே இப்ப தப்பு எங்கன்னு தெரியுது? பேரு வரும். ஆனா பழைய பத்திரிகைக்குத் திருத்தம் ஒண்ணு எழுதி அனுப்பணும். அதையும் நீங்களே எழுதுங்க.”

மீளாய்வுக் கட்டுரை வெள்ளிக்கிழமை மாலை கிளம்பியது. கிழக்குத் திட்டு பின்னணிப் பகுதியில் எடுத்துக்காட்டாக உட்கார்ந்திருந்தது: சரியாக அளந்தால் ஆறு புள்ளி ஆறு, வாசப்படியிலிருந்து அளந்தால் ஒன்று புள்ளி ஆறு, ஆகவே கவனம்.

மீளாய்வு அச்சேற ஏழு மாதம் ஆனது. திருத்தம் மூன்றே வாரத்தில் வந்துவிட்டது. நாலே வரி. கீழே பேராசிரியர் பெயருக்கும் முன்னால் அவள் பெயர்.

நாத்தனார் அதை உரக்கப் படித்துவிட்டு, மெஷினுக்கு மேலே சுவரில் குண்டூசியால் குத்தினாள்.

“ஊர் உலகத்துல எல்லாரும் சாதனை பண்ணி முதல்ல பேரு வாங்குவாங்க. எங்க அண்ணி தப்பை ஒத்துக்கிட்டு வாங்கியிருக்காங்க!”

“வாயை மூடு. எனக்கு இப்பவே முக்கால் டிகிரி ஏறிடுச்சு.”

“அது கணக்குல சேராது அண்ணி” என்று சொல்லிவிட்டு நாத்தனார் தைக்க ஆரம்பித்தாள்.