ஒரு நிமிடம், சீனியரிடம் மாற்றுகிறேன்

சுசித்ராவுக்கு யாரையும் ஏமாற்றும் சுபாவம் கிடையாது. கடையில் மீதிச் சில்லறை கூடுதலாக வந்தால் திருப்பிக் கொடுத்துவிட்டு வருகிறவள். ஆனால் அவள் தன்னைப் பற்றி எழுதிய ஒரே ஒரு பக்கத்தில் மூன்று எண்கள் இருந்தன. மூன்றும் உண்மை. அதுதான் வினையே.

மைசூரில் ஒரு கால் சென்டரில் ஏழு வருடமாக வேலை. ஃபிரிட்ஜ் கம்பெனி ஒன்றின் புகார் லைன். கன்னடம், தமிழ் இரண்டும் பேசுகிறவர்கள் வேண்டும் என்று எடுத்தார்கள். கணவனைப் பிரிந்து வந்தவள், விஜயநகரில் ஒரு மாடி வீட்டில் மகள் அஷ்வினியோடு இருந்தாள். ஒரு புதன்கிழமை காலை நாற்பது பேரையும் கூப்பிட்டு, ஃபிரிட்ஜ் கம்பெனி வேறு இடத்துக்குப் போகிறது, மாதக் கடைசியோடு சரி என்று சொல்லிவிட்டார்கள். வேலை கிடைக்காவிட்டால் ஹனூரில் அண்ணன் வீடுதான். அங்கே போனால் அஷ்வினியின் பள்ளிக்கூடம் போகும், தன் சொல்லுக்கு இருந்த மதிப்பும் போகும் என்று அவளுக்குத் தெரியும். அண்ணி ஒரு டம்ளரைக் கீழே வைக்கிற சத்தத்திலேயே எல்லாம் புரிந்துவிடும்.

ரெஸ்யூமே எழுத உட்கார்ந்தாள். "பொறுமையானவள், நன்றாகப் பேசுவேன்" என்று ஆரம்பித்திருந்தாள். பக்கத்து சீட் மனிஷா எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

"அக்கா, இதை யாரும் படிக்க மாட்டாங்க. நம்பர் போடுங்க. முன்னாடி எவ்ளோ, இப்ப எவ்ளோ, எத்தனை மாசத்துல. அதான் கேப்பாங்க."

போட்டார்கள். ஒரு காலுக்கு ஆகும் சராசரி நேரம், அதாவது பேசுவது, காத்திருக்க வைப்பது, முடிந்த பின் குறிப்பு எழுதுவது எல்லாம் சேர்த்து, ஆறு நிமிடம் இருபது விநாடியிலிருந்து நாலு நிமிடம் ஐந்து விநாடி. வாடிக்கையாளர் திருப்தி எண்பத்தொன்றிலிருந்து தொண்ணூற்றைந்து சதவீதம். குவாலிட்டி மதிப்பெண் தொண்ணூற்றாறு. எல்லாம் ஆறே மாதத்தில்.

"சீனியருக்கு டிரான்ஸ்ஃபர் பண்ணினது எத்தனை பர்சன்ட்னு போடணுமா?" என்று சுசித்ரா கேட்டாள்.

மனிஷா ஒரு கணம் அவளைப் பார்த்தாள். "அது எதுக்குக்கா? யாரும் கேக்க மாட்டாங்க."

அந்த வரி இல்லாமலே பக்கம் முடிந்தது.

அந்த எண்கள் எப்படி வந்தன என்பதைச் சொல்லிவிடுகிறேன். கால் முடிந்ததும் வாடிக்கையாளருக்கு ஒரு மெசேஜ் போகும்: ஐந்துக்கு எத்தனை கொடுக்கிறீர்கள்? கடைசியாகப் பேசியவர் கணக்கில்தான் அது ஏறும். ஒருவர் கோபமாக இருக்கிறார், இது இன்றைக்குத் தீராது என்று முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிட்டால் சுசித்ரா குரலில் தேனைக் கலந்து, "சார், எங்க சீனியர் பேசினா உங்களுக்கு நல்லா இருக்கும் இல்லையா?" என்பாள். யார்தான் வேண்டாம் என்பார்கள்? உடனே "வாடிக்கையாளர் கேட்டுக்கொண்டார்" என்று காரணத்தைக் குறித்துவிட்டு மாற்றும் பொத்தானை அழுத்திவிடுவாள். நேரமும் மிச்சம், திட்டும் மெசேஜும் வேறொருவருக்கு. குவாலிட்டிக்காரர்கள் மாதம் நாலைந்து கால் கேட்பார்கள். வணக்கம் சொன்னாளா, மன்னிப்புக் கேட்டாளா, காரணம் குறித்தாளா? எல்லாம் இருக்கும். அந்தச் சீனியர் எங்கே உட்கார்ந்திருக்கிறார், அவர் என்ன செய்வார் என்று அவள் ஒரு நாளும் யோசித்ததில்லை. அவளுக்கு அது ஒரு பொத்தான், அவ்வளவுதான்.

ரெஸ்யூமே அனுப்பிய மறுநாளே ஹெப்பாளில் ஒரு கம்பெனியிலிருந்து கூப்பிட்டார்கள். இவ்வளவு சீக்கிரமா என்று மனசுக்குள் ஏதோ நெருடியது. சந்தோஷத்தில் அதைத் தள்ளிவிட்டாள்.

நேர்காணல் செய்தவர் நஞ்சுண்டசாமி. குவாலிட்டித் தலைவர், ஐம்பது வயது, குரலை உயர்த்தாத மனிதர். "கூத்கொள்ளி மேடம்" என்று ரெஸ்யூமேயில் இருந்த அவள் குடும்பப் பெயரைச் சொல்லி நாற்காலியைக் காட்டினார். தாளை மேசையில் நேராக வைத்து, மூன்று எண்களுக்கும் கீழே பென்சிலால் கோடு போட்டார்.

"ஆறு இருபது, நாலு அஞ்சு ஆயிருக்கு. என்ன மாத்தினீங்க?"

மனப்பாடம் செய்து வந்ததை ஒப்பித்தாள். கேள்விகளை முன்கூட்டியே யூகிப்பது, குறிப்பைப் பேசும்போதே எழுதிவிடுவது.

"நல்லது. நேரம் குறைஞ்சா திருப்தியும் குறையணும். உங்களுக்கு ஏறியிருக்கு. டிரான்ஸ்ஃபர் எத்தனை பர்சன்ட்?"

அவள் வாய்க்கு வந்ததைச் சொன்னாள். "நாலு சார்."

"லாகின் ஐடி?"

எதற்கு என்று புரியாமலே சொன்னாள். "நாலு நாலு ஒன்னு ஏழு."

அவர் தலையை ஆட்டினார். கணினியைத் திருப்பவில்லை, திட்டவும் இல்லை. "ஹவுது, அந்த ஐடிதான். நாலு இல்ல, முப்பத்தொன்னு பர்சன்ட். அந்த ஃபிரிட்ஜ் கம்பெனியோட சீனியர் லைன் மூணு வருஷமா இங்கதான் மேடம். நீங்க அனுப்பினது பூரா எங்க பொண்ணுங்கதான் எடுத்தாங்க. உங்க நம்பர் இங்க எல்லாருக்கும் தெரியும். இப்ப உங்க லைனும் எங்ககிட்டதான் வருது."

சுசித்ரா எழுந்து போய்விடலாமா என்று நினைத்தாள். வெட்கம் காதுவரை சுட்டது. ஆனால் ஹனூர் பஸ் கண்ணில் வந்து நின்றது, ஜன்னல் ஓரத்தில் அஷ்வினியோடு.

"வேலை தரேன்" என்றார் அவர். "திங்கக்கிழமை வாங்க. சீனியர் லைன். டார்கெட்டு நான் வைக்கல, நீங்களே எழுதியிருக்கீங்க. நாலு அஞ்சு, தொண்ணூத்தஞ்சு, தொண்ணூத்தாறு. மூணு மாசம் பாக்கலாம்."

அந்த லைனில் ஒரு கால் சராசரி பதினோரு நிமிடம் என்பதைத் திங்கட்கிழமை பக்கத்து சீட் பெண் சொன்னாள். அவள் இவளுடைய ஐடியைக் கேட்டுவிட்டு, முகத்தைத் திருப்பி ஹெட்செட்டை மாட்டிக்கொண்டாள்.

காலை பத்து மணிக்கு முதல் கால். கொள்ளேகாலத்திலிருந்து சாமியாத்தாள் என்று திரை காட்டியது. கூடவே பழைய குறிப்புகளும் வந்தன: பதினொரு நாளில் ஐந்து கால், ஐந்தும் கீழ் லைனிலிருந்து மாற்றப்பட்டவை, சீனியர் லைனில் வரிசை நீண்டதால் மூன்று பாதியிலேயே அறுந்தவை. மாற்றியவர் 4417. 4417. 4417. நடுவில் ஒருமுறை வேறு யாரோ, பிறகு மறுபடி 4417. காரணம்: வாடிக்கையாளர் கேட்டுக்கொண்டார்.

"வணக்கம் அம்மா, நான் சுசித்ரா பேசறேன்."

எதிர்முனையில் வயதான ஒரு பெண்ணின் குரல் கேட்டது.

"ஏனுங்க அம்மிணி, இந்தக் கொரலு எனக்குத் தெரியுமுங்க. நீங்கதானுங்களே ஒரு நிமிசம் இருங்கோ, சீனியருக்குத் தாரேன்னு சொன்னது? ஐஸ் பொட்டிக்குள்ள எங்கூட்டுக்காரருக்குப் போடற சக்கரை ஊசி மருந்து இருக்குதுன்னு அன்னைக்கே சொன்னனுங்களே."

சுசித்ராவுக்கு ஞாபகம் வந்தது. மருந்து என்ற சொல் காதில் விழுந்ததுமே, இது தீராத கால் என்று விரல் பொத்தானுக்குப் போயிருந்தது.

"மருந்து சில்லுன்னு இல்லாமக் கெட்டுப் போச்சுங்க. தெரியாம அதையே போட்டுட்டு இருந்தோம். அவரு பெரியாஸ்பத்திரில கெடக்கறாரு, கண்ணு தொறக்கல. இப்ப அந்தச் சீனியரைத்தான் கூப்பிடறேன். குடுங்க."

திரையின் மூலையில் நேரம் ஓடிக்கொண்டிருந்தது. மூன்று ஐம்பது. நாலு. நாலு ஐந்து. எண் சிவப்பானது. பழக்கத்தில் சுசித்ராவின் விரல் மாற்றும் பொத்தானைத் தேடியது. இந்தத் திரையில் அது இல்லை.

"குடுங்கம்மிணி" என்றது குரல் மறுபடியும்.

"நான்தாங்கம்மா சீனியர்" என்றாள் சுசித்ரா.