லாடக் காந்தமும் பள்ளி மணியும்

காந்தத்தை அலமாரிக்குள் வைக்கும்போதெல்லாம் பிரிஜட் டீச்சர் அதன் இரண்டு முனைகளையும் சேர்த்து ஒரு சின்ன இரும்புத் துண்டைக் குறுக்கே ஒட்டவைப்பாள். அந்தத் துண்டு இல்லாவிட்டால் காந்தத்தின் பலம் நாளடைவில் குறைந்துவிடும். துண்டு ‘டக்’கென்று ஒட்டும் சத்தம் காதில் விழுந்த பிறகுதான் கதவைச் சாத்துவாள். சிவப்புச் சாயம் பூசிய லாடக் காந்தம். சுங்கை ரோடு பழைய சாமான் சந்தையில் வாங்கியது.

சிராங்கூன் ரோட்டுக்குப் பக்கத்துச் சந்தில் இருந்த அந்தத் தமிழ்ப்பள்ளியில் அவள் விஞ்ஞானம் நடத்திக்கொண்டிருந்தாள். அறுபத்தொன்றில் ஒருநாள் அவள் காந்தத்தால் ஆணிகளைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தபோது பள்ளி இன்ஸ்பெக்டர் வந்தார். கூட வந்த தலைமையாசிரியர் மருதப்பன் வாசலில் நின்று, “என்ன டீச்சர், பாடமா நடத்துறீங்க, பொம்மைக்கடையா வச்சிருக்கீங்க?” என்றார். இன்ஸ்பெக்டர் சிரித்தார். பிள்ளைகளும் சிரித்தார்கள். மறுவாரமே விஞ்ஞானம் அவள் கையைவிட்டுப் போனது. தையல் வகுப்பு வந்தது. அந்தச் சிரிப்பை அப்படியே மருதப்பனுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஊசி கோக்கும்போதெல்லாம் பிரிஜட் நினைத்தது அது ஒன்றுதான்.

மருதப்பனுக்கு ஒரு பெருமை இருந்தது. தாழ்வாரத்துக் கோடியில் தொங்கிய மணி, தஞ்சோங் பகாரில் சரக்குத் தொழில் செய்த அவருடைய மாமனார் முத்துசாமி கொடுத்தது. “சுத்த வெண்கலம்! ஊர்லயே வார்த்து கப்பல்ல வந்துச்சு,” என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். முத்துசாமியின் கைச்சுத்தத்தைப் பற்றித் துறைமுகத்தில் வேறு பேச்சு இருந்தது.

அடுத்த வருஷம் பெற்றோர் தினம் வந்தது. தாழ்வாரத்தில் ஒரு காந்தத் தடம் போடுகிறேன் என்று பிரிஜட் கேட்டாள். சாக்பீஸால் பாதம் வரைந்த வழி. ஒவ்வொரு நிறுத்தத்திலும் சாமான்கள். ஒட்டும் என்று நினைப்பதை ஒரு கூடையிலும் ஒட்டாது என்று நினைப்பதை மறு கூடையிலும் பிள்ளைகள் போட வேண்டும். அதற்குப் பிறகுதான் காந்தத்தைத் தொடலாம். கடைசி நிறுத்தம் மணி. மருதப்பன் மறுப்பாரா? மணிக்கு ஒரு கூட்டம் சேருகிறதே!

பெற்றோர் தினத்துக்கு இரண்டு நாள் முன்னால், மாலையில் பள்ளி காலியானதும், அவள் முக்காலி போட்டு ஏறினாள். சுத்த வெண்கலத்தில் காந்தம் ஒட்டாது. வெளியே கீறல் விழுந்தால் தெரிந்துவிடும் என்று மணியின் வாய்க்குள் காந்தத்தை நீட்டினாள். ‘டக்.’ அதற்குள் பியூன் அப்துல் கையூம் கேட்டைப் பூட்ட வரும் செருப்புச் சத்தம். காந்தத்தை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு இறங்கினாள். அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினாள்.

விழா அன்று காலை அலமாரியைத் திறந்தால், காந்தம் ஒரு பக்கம், இரும்புத் துண்டு ஒரு பக்கம். “யாருடி எடுத்தது? கை சும்மா இருக்காதா?” என்று தையல் வகுப்புப் பிள்ளைகளைக் காய்ச்சி எடுத்தாள்.

தடம் களைகட்டியது. ஊக்கு ஒட்டியது, பால் டின் ஒட்டியது. கொட்டாங்கச்சி ஒட்டவில்லை. பத்துக்காசை ‘ஒட்டும்’ கூடையில் போட்ட பெரியவர்களும் உண்டு. அது அசையவே இல்லை. “காசும் உலோகம்தானே டீச்சர்?” என்றாள் தையல் வகுப்பு ஜைனப். “எல்லா உலோகமும் ஒட்டாதும்மா. செம்புக் கம்பி, அலுமினியத் தூக்கு, எதுவும் ஒட்டலையே,” என்றாள் பிரிஜட்.

மணியைக் கூடையில் போட முடியாது. தரையில் ஒரு கோடு கிழித்தாள். ஒட்டும் என்பவர்கள் இடப்பக்கம், ஒட்டாது என்பவர்கள் வலப்பக்கம். மருதப்பன் வேட்டியைச் சரிசெய்துகொண்டு வலப்பக்கம் போனார். பெற்றோரும் பிள்ளைகளும் அவர் பின்னால். இடப்பக்கம் பிரிஜட் மட்டும்.

“டீச்சருக்கு வெண்கலத்து மேல நம்பிக்கை இல்லபோல,” என்றார் மருதப்பன்.

“சோதிச்சுப் பாத்துட்டாப் போச்சு, சார்.”

ஜைனப் முக்காலியில் ஏறினாள். காந்தத்தை மணியின் விளிம்பில் வைத்தாள், வழுக்கியது. வயிற்றில் வைத்தாள்; வழுக்கியது. “உள்ள வச்சுப் பாரு!” என்று பிரிஜட் கத்திவிட்டாள். ‘டக்.’ ஜைனப் குனிந்து உள்ளே பார்த்தாள்.

“டீச்சர், மணியில இல்ல. அதோட நாக்குல ஒட்டுது. நாக்கு மட்டும் இரும்பு!”

பிரிஜட் எட்டி உள்ளே பார்த்தாள். அன்று மாலை ‘டக்’கென்று ஒட்டியதும் அந்த நாக்கில்தான்.

“மணிக்கு மட்டுமா இரும்பு நாக்கு? நம்ம டீச்சருக்கும்தான் லா!” என்றார் மருதப்பன். போன வருஷத்தைவிடப் பெரிய சிரிப்பு. அவள் காந்தத்தை வாங்கி, துண்டை ஒட்டவைத்தாள். யார் முகத்தையும் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு விஞ்ஞானத்தைக் கேட்கவும் இல்லை. மருதப்பன் எதிரே வந்தால் ஒதுங்கி நின்றாளே தவிர, மனசு ஒதுங்கவில்லை. கண்ணில் படும்போதெல்லாம் அவரைக் கறுவிக்கொண்டேதான் இருந்தாள்.

மருதப்பன் ஓய்வுபெற்றுப் போன பிறகு, தேக்கா மார்க்கெட்டில் மீன் வாங்கும்போது அப்துல் கையூமைப் பார்த்தாள். பேச்சோடு பேச்சாக அவர் சொன்னார்:

“பெற்றோர் தினத்துக்கு மொத நாளு, பெரிய சார் உங்க அலமாரிலேருந்து காந்தத்தை எடுத்தாரச் சொன்னாரு, டீச்சரம்மா. மணி பூரா தேச்சுத் தேச்சுப் பாத்தாரு. வேர்த்து ஊத்திருச்சு மனுசனுக்கு. மாமனார் மேல அவருக்கே நம்பிக்கை இல்ல. அந்தக் குட்டி இரும்ப நாந்தான் திருப்பி ஒட்டவைக்க மறந்துட்டேன்.”