சீ.வி.யில் மாதம் கேட்டபோது

பாசிக்குடாப் பக்கம் ஒரு பெரிய ஹோட்டலில் ஹவுஸ்கீப்பிங் மேற்பார்வையாளர் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று மகள்தான் போனில் பார்த்துச் சொன்னாள். அறைகளைத் துப்புரவாக்கும் பெண்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. ஐந்து வருட அனுபவம் வேண்டும், ஆங்கிலம் ஓரளவு பேச வேண்டும் என்று போட்டிருந்தது. குவைத்தில் இரண்டு வீடுகளில் கூட்டிப் பெருக்கி, தோய்த்து, அயர்ன் பண்ணி, கடைசியில் எனக்குக் கீழே இரண்டு வேலைக்காரப் பிள்ளைகளை வைத்து வேலை வாங்கிய என்னைவிட அந்த வேலைக்கு ஆர் பொருத்தம்? அது கிடைக்காவிட்டால் திரும்பவும் குவைத்துக்கே போவதாக இருந்தேன். ஏஜென்சிக்காரர் பாஸ்போட்டைக் கேட்டபடி இருந்தார். மகளுக்கு நான் போவதில் விருப்பமில்லை. வாயால் சொல்லமாட்டாள், முகத்தில் தெரியும்.

என்னிடம் ஏற்கெனவே ஒரு சீ.வி. இருந்தது. செங்கலடிச் சந்தியில் ஒரு கடையில் அடித்தது. இடது பக்கம் முழுக்க நீலப் பட்டை, அதற்குள் என் படம், கீழே மொழிகளுக்கு நட்சத்திரங்கள். தமிழுக்கு ஐந்து, அரபுக்கு நாலு, ஆங்கிலத்துக்கு மூன்று. கலியாணக் கார்ட் மாதிரி இருந்தது. பிறந்த தேதி, சமயம், அடையாள அட்டை இலக்கம், விதவை என்பது வரை நம் ஊர் வழக்கப்படி எல்லாம் முன்னுக்கு நின்றன. எனக்கு அதில் பெரிய பெருமை.

ஹோட்டல்காரர் சீ.வி.யைக் கையில் வாங்குவதில்லை. இணையத்தில் ஏற்ற வேண்டும். ஏற்றியதும் அந்தத் தளமே அதை வாசித்து, பெயர், போன், வேலை அனுபவம் என்று கட்டங்களை நிரப்பிக்கொள்ளும். மகள் என் நீலப் பட்டையை ஏற்றினாள். நிரம்பியதைப் பார்த்து எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. போன் நம்பர் கட்டம் வெறுமை. வேலை அனுபவம் வெறுமை. வேலையின் பெயர் வர வேண்டிய இடத்தில் அரபு, குவைத், தையல் எல்லாம் ஒரே வரியில் கலந்து கிடந்தன.

“எட்டு வருஷம் மாடு மாதிரி உழைச்சிருக்கன். ஒண்டும் இல்லையாம், பார்!” என்றேன்.

“மெஷினோட சண்டை பிடிக்காதங்கம்மா,” என்றாள். அவள் வந்தாறுமூலைக் கெம்பஸில் கடைசி வருடம். வேலை தேடும் மாணவர்களுக்கு அங்கே நடத்திய வகுப்பொன்றில் இதையெல்லாம் படித்திருந்தாள். “ரெண்டு பக்கமாப் பிரிச்சு எழுதினா சில மெஷின் இந்தப் பக்கத்தையும் அந்தப் பக்கத்தையும் ஒரே வரியா வாசிக்கும். கடைக்காரர் போன் நம்பரத் தாளிட மேல் விளிம்பில, ஹெடருக்குள்ள வைச்சிருக்கார். அதையும் சிலது பாக்காது. ‘மை ஜேர்னி’ எண்டு தலைப்புப் போட்டா அது வேலை அனுபவமெண்டு அதுக்கு எப்பிடித் தெரியும்?”

பிறகு அவள் வேர்டில் புதிதாக எழுதத் தொடங்கினாள். பட்டையும் இல்லை, படமும் இல்லை, நட்சத்திரமும் இல்லை. சமயத்தையும் விதவையையும் எடுத்துவிட்டாள். மேலே பெயர், அதற்குக் கீழே போன் நம்பர், எல்லாம் சாதாரண வரிகள். ‘வேர்க் எக்ஸ்பீரியன்ஸ்’, ‘எடியுகேஷன்’, ‘ஸ்கில்ஸ்’ என்று உலகம் முழுக்கப் போடும் தலைப்புகள், ஒன்றுக்குக் கீழே ஒன்று. எழுதியதை முழுவதும் கொப்பி பண்ணி நோட்பேட்டில் ஒட்டிப் பார்த்தாள். அங்கே வரிசை குலையாமல் வந்தால் மெஷினும் ஒழுங்காக வாசிக்கக் கூடும் என்றாள். மொட்டை அடித்த தலை மாதிரி இருந்தது எனக்கு.

எழுதிக்கொண்டு போனவள், குவைத் வேலைக்கு வந்ததும் நின்றாள்.

பழைய சீ.வி.யில் ‘குவைத், எட்டு வருடம்’ என்று ஒரே வரிதான் இருந்தது. வேலை தேடும் தளமொன்றில் முன்னர் அவள் எனக்குத் திறந்து தந்த புரொஃபைலிலும் அதுவேதான். ஹோட்டல் விண்ணப்பத்தில் அந்தப் புரொஃபைலின் இணைப்பையும் கேட்டிருந்தார்கள்.

“இப்பிடிச் சும்மா எட்டு வருஷமெண்டா எப்ப தொடங்கி எப்ப முடிஞ்சதெண்டு மெஷினுக்கு விளங்காது. ரெண்டு வீடு எண்டா ரெண்டாப் பிரிச்சு எழுதோணும். எந்த மாசம் சேந்தது, எந்த மாசம் விட்டது. எல்லா இடத்திலயும் ஒரே மாதிரி. சீ.வி.யில ஒரு தேதி, புரொஃபைல்ல ஒரு தேதி இரிந்தா, பாக்கிற ஆக்கள் பொய்யெண்டு நினைப்பாங்க.”

“மாசம் என்னத்துக்கு? வருஷம் போதாதா?”

“இந்தத் தளத்தில மாசம் போடாம அடுத்த பக்கத்துக்குப் போக விடாதும்மா. ஐஞ்சு வருஷம் இரிக்கா எண்டு அதை வைச்சுத்தான் கணக்குப் பாக்கும்.”

பழைய பாஸ்போட்டையும் ஒப்பந்தத் தாள்களையும் எடுத்துக் கொடுத்தேன். இரண்டாவது வீட்டுக்கு ஓகஸ்டில் போனது தாளில் தெளிவாக இருந்தது. முதல் வீட்டை எப்போது விட்டீர்கள் என்று கேட்டாள். அதற்குத் தாள் இல்லை. ஏப்ரல் மாதத் தொடக்கத்தில் என்று வாயில் வந்துவிட்டது. வந்தபிறகு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

அவள் அடித்தாள். திரையில் இரண்டு வேலைகளும் ஒன்றன் கீழ் ஒன்றாக நின்றன. ஏப்ரலில் ஒன்று முடிகிறது, ஓகஸ்டில் மற்றது தொடங்குகிறது. ‘எட்டு வருடம்’ என்று ஒரே வரிக்குள் கிடந்தது இப்படிப் பிளந்துகொண்டு நின்றது.

“முதல் வீட்டையும் ஓகஸ்ட் வரைக்கும் எண்டு போடு.”

“அது பொய்யெல்லா? ரெண்டாவது வீடே ஆறு வருஷம். அவங்க கேட்டதுக்கு அதுவே காணும். இடைவெளி கிடந்தாக் கிடக்கட்டும்.” கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள். “அந்த நாலு மாசமும் எங்க இரிந்தீங்க?”

“விசா அலுவல்,” என்றேன்.

“நாலு மாசமாவா?”

“ஓம்கா, நாலு மாசமாத்தான்! நீ என்ன பொலிசா? எழுதுறத எழுது.”

அவள் திரைப் பக்கம் திரும்பினாள். உள்ளபடியே எழுதி, புரொஃபைலிலும் அதே மாதங்களை மாற்றி, திரும்ப ஏற்றினாள். இந்தத் தடவை கட்டங்கள் எல்லாம் ஒழுங்காக நிரம்பின. என் வேலை, என் மாதங்கள், என் போன் நம்பர், எல்லாம் தத்தமது இடத்தில் இருந்தன. நான் சந்தோசப்பட வேண்டிய நேரம். குசினிக்குள் போய்க் கழுவிய சட்டியையே திரும்பக் கழுவினேன்.

உண்மை இதுதான். முதல் வீட்டில் சம்பளம் தரவில்லை, போனைப் பறித்து வைத்துக்கொண்டார்கள். அந்த வீட்டுக்காரி ஒருநாள் அயர்ன் பெட்டியை என் முழங்கையில் வைத்தாள். நான் மதிலேறிக் குதித்து, நம் நாட்டுத் தூதரகத்தின் பாதுகாப்பு விடுதிக்கு ஓடினேன். என்னைப் போல நிறையப் பெண்கள் அங்கே பாய் விரித்துக் கிடந்தார்கள். வழக்கு முடிந்து வேறு வீடு கிடைக்கும்வரை நானும் கிடந்தேன். ஊருக்குப் பேசக் கேட்டிருந்தால் போன் தந்திருப்பார்கள். நான் கேட்கவில்லை. அக்காவின் வீட்டில் பிள்ளையை விட்டுவிட்டு உழைக்கப் போனவள், கையில் ஒரு சதமும் இல்லாமல் தானச் சோறு சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறேன் என்று எந்த முகத்தோடு சொல்வது? இரண்டாவது வீட்டுக்குப் போய் முதல் சம்பளம் எடுத்த பிறகுதான் ஊருக்குக் கோல் எடுத்தேன். போன் உடைந்துவிட்டது என்றேன். அக்காவும் மேலே கேட்கவில்லை. அந்தப் பாயை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கம்தான். நான் ஒரு பிழையும் செய்யவில்லை என்று புத்திக்குத் தெரியும், மனதுக்கு ஏறாது.

ஹோட்டலில் இருந்து நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். மகளும் கூட வந்தாள். அவளை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு உள்ளே போனேன். என்னைவிட வயது குறைந்த ஒரு பெண், கொழும்பில் இருந்து வந்தவர், என் மொட்டை சீ.வி.யை முன்னால் வைத்துக்கொண்டு, கறை படிந்த விரிப்பு, பாத்ரூம், வேலைக்கு வராத பிள்ளைகள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். சட்டியில் இருந்ததால் அகப்பையில் வந்தது. கடைசியாக, பேனையால் தாளில் தொட்டு, இந்த இரண்டு வேலைக்கும் நடுவில் என்ன என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

விசா அலுவல் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சொன்னது வேறு. அயர்ன் பெட்டி, மதில், விடுதி, பாய், எல்லாவற்றையும் என் உடைந்த ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. அவர் பேனையை வைத்துவிட்டு, “ஐ ஆம் சொறி,” என்றார். கொஞ்சம் பொறுத்து, அடுத்த மாதம் முதலாம் தேதி வர முடியுமா என்று கேட்டார்.

வெளியே வந்தபோது சந்தோசத்தை விட வெட்கம்தான் கூட இருந்தது. பெயர்கூடச் சரியாகத் தெரியாத ஒரு பிள்ளையிடம் சொல்ல வந்த வாய், பெற்ற பிள்ளை கேட்டபோது பாய்ந்து விழுந்தது. வேலை கிடைத்துவிட்டது என்றதும் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு கண்கலங்கினாள். எனக்கு அவளுடைய முகத்தைப் பார்க்க முடியவில்லை.

வாழைச்சேனையில் பஸ் ஏறி இருந்த பிறகு, ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே அவளுக்கும் சொன்னேன். சீலையை ஒதுக்கி முழங்கையைக் காட்டினேன். அந்தத் தழும்பைச் சோற்றுக் கஞ்சி கொட்டுப்பட்டது என்று அவளிடம் சொல்லியிருந்தேன்.

அவள் என் சீலையைத் திரும்ப இழுத்து முழங்கையை மூடினாள். கோபம் என்று நினைத்தேன்.

“நீங்க கோல் எடுக்காத நேரம்,” என்றாள், “நீங்க அங்க ஆரோடயோ போயிட்டீங்க எண்டு பெரியம்மா வீட்டுக்கு வாற ஆக்கள் கதைச்சாங்க. எனக்குக் கேக்காதெண்டு நினைச்சு.”

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. அது எனக்குத் தெரியும். ஆனால் அது என் பிள்ளையின் காதுக்குள் போய் இருந்தது எனக்குத் தெரியாது.

“நீ நம்பினியா?”

அவள் மடியில் இருந்த ஃபைலைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினாள். “ஓம். இவ்வளவு காலமும்.”

“என்னட்டக் கேட்டிருக்கலாமே மகள்.”

“கேட்டா ஓம் எண்டு சொல்லிருவீங்களோ எண்டு பயம்மா,” என்றாள். “அண்டைக்கு சீ.வி.யில மாசம் வேணுமெண்ட சாட்டிலதான், எங்க இரிந்தீங்க எண்டு துணிஞ்சு கேட்டன்.”

நான் விசா அலுவல் என்று சொல்லியிருந்தேன்.