பில்டர் ஓரத்துக் கறை

மனைவி தவறிப்போன பிறகு, கடைக்காரர் ‘லைட்’ என்று எடுத்துக் கொடுத்த சிகரெட்டுக்கு மாறினேன். கெடுதல் பாதியாகிவிடும் என்று நினைப்பு. இருமல் மட்டும் குறையவே இல்லை.

மலையாளம் கலந்து பேசும் நெஞ்சு டாக்டர், குடித்துப் போட்ட துண்டுகளைக் கொண்டுவரச் சொன்னார். ஸ்ரீவராகம் தெருவில் இருக்கும் என் வீட்டிலிருந்து ஒரு டப்பாவில் கொண்டுபோனேன். லென்ஸை நீட்டினார். பில்டரைச் சுற்றி ஊசி குத்தியதுபோல் வரிசையாகத் துளைகள்.

“கம்பெனியில சோதனை பண்ற மெஷின் இழுத்தா இது வழியா காத்து கலந்து புகை நேர்த்துப் போகும். கறை நடுவிலதான் இருக்கும், ஓரம் வெளுப்பா நிக்கும். உங்களோடது ஓரம் வரைக்கும் கறை. துளையை நீங்களே அடைக்கறீங்க சாரே.”

“நான் ஒண்ணும் அடைக்கல” என்றேன் எரிச்சலாக.

“பத்த வைக்காம ஒண்ணைப் பிடிச்சுக் காட்டுங்க.”

காட்டினேன். இரண்டு விரலும் துளைகள் மேலேயே இருந்தன.

“விரலை எடுத்தாலும் பிரயோஜனம் இல்ல. நிக்கோட்டின் போதலைன்னா நீங்க அறியாமலே ஆழமா இழுப்பீங்க. மொத்தமா விடணும், கேட்டோ. வீட்ல யாரும் கவனிச்சுச் சொல்லலையா?”

நான் டப்பாவை மூடினேன்.

அன்று மாலை கண்ணாடி முன் நின்று, விரலைத் தள்ளிப் பிடித்துப் பற்றவைத்தேன். ஒவ்வொரு இழுப்புக்கும் கன்னம் இரண்டும் குழிந்து ஒட்டிக்கொண்டன. இந்த முகத்தைப் பார்க்க இத்தனை நாள் எதிரே யாரும் இல்லை. சிகரெட்டை அணைத்தேன்.

“ஏன்னா, போறும்” என்றேன் கண்ணாடியைப் பார்த்து, அவள் என்னைக் கூப்பிட்டுச் சொல்கிற மாதிரியே.