திறக்க வேண்டாத லேப்டாப்

அன்று கடையில் முதலாளி இருந்தார். கல்யாண வீடியோ எடிட்டிங் செய்யும் வாடிக்கைக்காரத் தம்பி இருந்தான். கையில் எலுமிச்சம்பழமும் கற்பூரமும் வைத்துக்கொண்டு அவன் மனைவி இருந்தாள். என் பக்கத்து மேசையில் வேலை பார்க்கும் பெண் இருந்தாள். நான் இருந்தேன்.

பாப்பிரெட்டிப்பட்டி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே கடை. கம்ப்யூட்டர் விற்போம், பழுது பார்ப்போம். நான் அங்கே பதினாலு வருஷம். படிப்பு எட்டாவது. அந்தப் பெண் பாலிடெக்னிக் முடித்தவள். வந்து ஒன்றரை வருஷம்தான் ஆகியிருந்தது.

தம்பிக்குக் கைராசியில் நம்பிக்கை அதிகம். அவன் வாங்கிய முதல் கம்ப்யூட்டரை ஸ்க்ரூ கழற்றித் திறந்தது நான். அந்த வருஷம் முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் அவனுக்கு வேலை வந்தது. அதிலிருந்து எந்த மெஷின் வாங்கினாலும் என் கைதான் முதலில் திறக்க வேண்டும். எனக்குக் கைராசி உண்டு என்று சொன்னவன் இந்த ஊரில் அவன் ஒருவன்தான். என் வீட்டிலேயே யாரும் சொன்னதில்லை.

தை மாதம் அவனுடைய பழைய மெஷின் நின்றுபோனது. ஒரு கல்யாணம் முழுவதும் அதற்குள் இருந்தது. அன்று நான் கடையில் இல்லை. ஒகேனக்கலில் ஒரு கருமாதிக்குப் போயிருந்தேன். பக்கத்து மேசைப் பெண்தான் டிஸ்க்கைக் கழற்றி, தாலி கட்டியது முதல் பந்தி வரை எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

மாசியில் அவன் மனைவியோடு புது மெஷின் வாங்க வந்தான்.

"ணா, தப்பா நெனைக்காதீங்க. இந்தத் தடவ தங்கச்சி கையால தொறக்கட்டும்."

"யாரு தொறந்தா என்னப்பா" என்றேன்.

"இவரு பல்லு வெளக்கறதுக்கே நல்ல நேரம் பாப்பாருங்க. நீங்க மனசுல வெச்சுக்காதீங்க" என்றாள் அவன் மனைவி. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மேசையில் இரண்டு லேப்டாப். ஒன்று தடிமன், ஒன்று மெல்லிசு. பக்கத்து மேசைப் பெண் தடிமனான மெஷினைக் காட்டினாள்.

"இதுல எட்டு ஜிபி மெமரி போர்டோடவே சால்டர் பண்ணி வருதுங்க. ஒரு ஸ்லாட் காலி. இப்படியே ஓட்டினா டேட்டா போய்வர ஒரு வழிதான். தொப்பூர் கணவாயில ஒரு பக்கத்த அடைச்சுட்டு வண்டி விடுவாங்கல்ல, அந்தக் கதை. காலி ஸ்லாட்டுல இன்னொரு எட்டு போட்டா ரெண்டு வழி. படத்துக்குன்னு தனி கார்டு இதுல கெடையாது. அதுவும் இந்த மெமரியத்தான் எடுத்துக்கும். அதனால ரெண்டு வழின்னா உங்களுக்கு நல்லாவே தெரியும்."

"நாளைக்குப் பத்தலைன்னா?"

"போட்ட எட்டக் கழட்டிட்டுப் பெருசா போடலாம். பதினாறு போட்டீங்கன்னா, அதுல எட்டு, போர்டுல இருக்கற எட்டோட ஜோடி சேர்ந்து ரெண்டு வழியில ஓடும். மிச்ச எட்டு மட்டும் ஒத்தையில போகும். ஆனா லாரி நிக்காது."

தம்பி தொடையில் தட்டிச் சிரித்தான். தொப்பூரில் லாரி நிற்பதை அந்த வழியாகப் போன எல்லோரும் பார்த்திருக்கிறோம். பதினாலு வருஷத்தில் எனக்கு அது வாயில் வரவில்லை.

அந்த எட்டைப் போட வேண்டுமானால் மெஷினைத் திறக்க வேண்டும். திறப்பது அவள் கை. நான் மெல்லிசு லேப்டாப்பை அவன் பக்கம் நகர்த்தினேன்.

"அதுலயும் பாதி ஒட்டுனதுதான தம்பி. இதப் பாரு. பதினாறு ஜிபி. இப்பவே ரெண்டு வழி. வெயிட்டும் கம்மி. தொறக்கற வேலையே இல்ல."

சொன்னது ஒவ்வொன்றும் நிஜம்.

"பின்னாடி ஏத்திக்கலாமாணா?"

அதில் பதினாறும் சால்டர் செய்தது. ஸ்லாட் ஒன்றுகூடக் கிடையாது. வாங்கும் அன்று என்ன இருக்கிறதோ, சாகும் அன்றும் அதுதான். எனக்குத் தெரியும்.

"பதினாறு உனக்கு எதுக்குப் பத்தாது?" என்றேன்.

அந்தப் பெண் வாயைத் திறந்தாள். முதலாளி முந்திக்கொண்டார். "அனுபவஸ்தர் சொல்றாரும்மா, விடு."

அவள் விட்டுவிட்டாள்.

"தொறக்காத மெஷினுக்குக் கைராசி எப்புடிங்க?" என்று மனைவி கேட்டாள்.

"பட்டன அமுக்குனாப் போதும்" என்றேன். கற்பூரம் எரிந்தது. பட்டனை நான் அமுக்கினேன்.

மெஷின் நன்றாகத்தான் ஓடியது. பார்க்கும்போதெல்லாம் "உங்க கைணா" என்பான். அவளுக்குக் கேட்கிற மாதிரி இன்னொரு தடவை சொல்ல வைப்பேன். அவள் நிமிர்ந்து பார்க்கவே மாட்டாள். அதுவும் எனக்கு எரிச்சல்தான்.

அடுத்த வருஷம் ஆவணியில் தம்பி தனியாக வந்தான். இப்போது கல்யாணத்துக்கு நாலு கேமரா, மேலே டிரோன். நாலையும் ஒன்றாக வைத்து ஓட்டினால் மெமரி நிரம்பி மெஷின் நின்றுவிடுகிறது என்றான்.

"முப்பத்திரெண்டு ஆக்கிக் குடுங்கணா. ஞாயித்துக்கெழம ரிசப்ஷன். ஸ்கிரீன்ல ஓட்டியாகணும்."

அப்போதே முடியாது என்று சொல்லியிருக்கலாம். நான் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். அதுவரை யாரும் திறக்காத மெஷின். முதலில் என் கை படட்டும் என்று நினைத்தேன். அந்த நேரத்திலும் புத்தி அப்படித்தான் போனது.

மூடியை எடுத்தேன். மெமரி சில்லுகள் கல்லில் பிடித்த தோசை மாதிரி போர்டோடு ஒட்டியிருந்தன. தம்பி குனிந்து, விரலால் தொடாமல் தேடினான்.

"எங்கணா போடறது?"

"எடம் இல்ல."

"வேற வழி?"

"போர்டையே மாத்தணும். கிட்டத்தட்ட புது மெஷின் வெல ஆகும். ஞாயித்துக்கெழமைக்குள்ள வராது."

குனிந்திருந்தவன் நிமிர்ந்தான். பிறகு கேட்டான்.

"வாங்கறப்பவே தெரியுமாணா?"

"தெரியும்."

அவன் பக்கத்து மேசையைப் பார்த்தான். "தங்கச்சி, உனக்கு?"

"தெரியுங்கண்ணா. அன்னிக்கே சொல்லியிருக்கணும். சொல்லாம விட்டுட்டேன். எம்மேலயும் தப்பு."

தப்பு முழுக்க என்னுடையது. அதிலும் பாதியைக் கேட்காமலே எடுத்துக்கொண்டாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இதைத் தாங்க முடியவில்லை. நல்ல பேர் வாங்க என் தப்புகூட அவளுக்கு உதவுகிறது.

அன்றே அவன் தடிமனான மெஷின் ஒன்று எடுத்தான். அதே மாதிரி எட்டு ஒட்டியது, ஒரு ஸ்லாட். முப்பத்திரெண்டு வரை அந்த ஸ்லாட் ஏற்கும் என்று அவள் பார்த்துச் சொன்னாள். அவளே திறந்தாள். முப்பத்திரெண்டைச் சாய்வாகச் செருகி, கீழே அமுக்கினாள். கிளிப் பிடிக்கும் சத்தம் என் மேசை வரை கேட்டது. நாலு கேமராவும் நிற்காமல் ஓடின. மெல்லிசு மெஷினை ஆல்பம் டிசைனுக்கு மனைவியிடம் கொடுக்கப்போவதாகச் சொன்னான்.

போகும்போது "வர்றேன்ணா" என்றான். பழைய குரல்தான். சட்டையைப் பிடித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை ரிசப்ஷனில் வீடியோ நன்றாக ஓடியதாம். அதன் பிறகு தெரிந்தவர்களையெல்லாம் அவன் கடைக்கு அனுப்புகிறான். பொம்மிடியிலிருந்துகூட வருகிறார்கள். வாசலுக்கு நேராக இருப்பது என் மேசை என்பதால் முதலில் என்னிடம்தான் கேட்பார்கள்.

"கைராசிக்காரப் பொண்ணு யாருங்க?"

நான் கையைக் காட்டுவேன். போய் உட்காருவார்கள். எண்ணக் கூடாது என்றுதான் நினைக்கிறேன்.

பதினேழு பேர்.